கல்யாண பயோடேட்டா: நிஜமான ஆளை ஒரு பக்கத்தில் எழுதுவது எப்படி?

போன வருடம் என் தங்கை மகனுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தபோது, கோவையில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பதினோரு பயோடேட்டாக்கள் கிடந்தன. எல்லாம் பெண் வீடுகளிலிருந்து வந்தவை. பதினொன்றிலும் பெண் நற்குணம் உள்ளவர், குடும்பப் பாங்கானவர், பெரியவர்களை மதிப்பவர். புகைப்படத்தையும் நட்சத்திரத்தையும் கையால் மறைத்துக்கொண்டால் எந்தத் தாள் எந்தப் பெண்ணுடையது என்று பிரிக்க முடியவில்லை. பிறகு நாங்கள் அனுப்பிக்கொண்டிருந்த தாளை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே வார்த்தைகள்தான். 'கெட்ட பழக்கங்கள் இல்லை' என்பது மட்டும் கூடுதல்.

அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதினோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. செய்ததை அதே வரிசையில் சொல்கிறேன். பையனுக்கு எழுதியதை வைத்துத்தான் சொல்லப்போகிறேன். பெண்ணுக்கு எழுதும்போது எங்கே மாறும் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

யாருக்குக் கல்யாணமோ அவரை உட்கார வையுங்கள்

பழைய தாளை எழுதியவர் என் தங்கையின் கணவர். தெரிந்தவர் ஒருவர் கொடுத்த மாதிரியில் பெயர், படிப்பு, வேலையை மட்டும் மாற்றியிருந்தார். 'வாசிப்பதில் விருப்பம் உள்ளவர்' என்ற வரி அந்த மாதிரியிலிருந்து அப்படியே வந்துவிட்டது. பையனிடம், "கடைசியாக என்ன புத்தகம் வாசித்தாய்?" என்று கேட்டேன். "கல்லூரியில் பாடப்புத்தகம் வாசித்ததுதான், பெரியம்மா" என்றான். தன் பெயரில் ஐம்பது வீடுகளுக்குப் போன தாளை அவன் ஒருமுறைகூடப் படித்ததில்லை.

உட்கார வைத்ததும், "உன் குணம் என்ன?" என்று கேட்காதீர்கள். யாருக்கும் அதற்குப் பதில் தெரியாது. நடந்ததைக் கேளுங்கள். நான் கேட்டவை ஐந்துதான். போன ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து இரவுவரை என்ன செய்தாய்? சம்பளம் வந்த முதல் வாரத்தில் எங்கெங்கே போகிறது? இந்த வீட்டில் உன் கையால் நடக்கும் வேலை எது? அம்மாவோடு கடைசியாக எதற்குச் சண்டை போட்டாய்? இந்த ஊரை விட்டுப் போகும் எண்ணம் உண்டா?

முதல் கேள்விக்கே பாதித் தாள் வந்துவிட்டது. சனி இரவு ஷிப்ட் முடிந்து ஞாயிறு காலை வீட்டுக்கு வந்திருக்கிறான். கொஞ்சம் தூங்கிவிட்டு உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குப் போய் மத்தி வாங்கி வந்து, தானே செதில் எடுத்து, தானே குழம்பு வைத்திருக்கிறான். அவன் அம்மா மீன் சாப்பிடுவாள், ஆனால் பச்சை மீனைத் தொடமாட்டாள். சாயங்காலம் அவனும் அவன் அப்பாவும் சேர்ந்து, படுக்கையில் இருக்கும் பாட்டியைத் திருப்பிப் படுக்க வைத்து முதுகு துடைத்துவிட்டிருக்கிறார்கள். பழைய தாளில் இதில் ஒரு சொல்கூட இல்லை.

அவன் சொன்னதைச் சொன்னபடியே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். இந்தக் கட்டத்தில் அழகுபடுத்தக் கூடாது. பெற்றோர் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் பாதியை விழுங்கிவிடுவார்கள். அதனால் அத்தையோ மாமாவோ அக்காவோ தனியாகக் கேட்பது நல்லது.

அளக்கக்கூடியதை அளந்து எழுதுங்கள்

உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து டேப்பால் அளந்தோம். தாளில் 5 அடி 8 அங்குலம் என்று இருந்தது. டேப் 170 சென்டிமீட்டர் என்றது, அதாவது 5 அடி 7. ஒரு அங்குலத்துக்காக யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் நேரில் பார்த்த நிமிடமே பொய்யென்று தெரிந்துவிடும் ஒரு எண்ணைத் தாளின் தலையில் எழுதிவைத்தால், அதற்குக் கீழே உள்ள எல்லா எண்ணையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள்.

சம்பளத்தில்தான் பெரும்பாலான வீடுகள் தவறு செய்கின்றன. பல நேரம் தெரியாமலேயே செய்கின்றன. இவனுடைய நியமனக் கடிதத்தில் வருடத்துக்கு 8,40,000 என்று இருந்தது. அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதச் சம்பளம் 70,000 என்று எழுதியிருந்தார்கள். அந்த 8,40,000இல் நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு, வருடக் கடைசியில் வந்தாலும் வரும் வராவிட்டாலும் இல்லை என்கிற ஊக்கத்தொகை எல்லாம் அடக்கம். இவன் பங்கு வைப்பு நிதியும் பிடித்தம் போக, வங்கிக் கணக்கில் விழுவது 56,000. அதில் மாடி கட்ட வாங்கிய 20 லட்சம் கடனுக்கு மாதத் தவணை 17,400. குடும்பம் நடத்தக் கையில் நிற்பது 38,600தான். கைக்கு வரும் தொகையையும் தவணையையும் சேர்த்து எழுதுங்கள். 70,000 என்று நம்பி வரும் பெண் முதல் மாதமே அந்த வித்தியாசத்தைப் பார்ப்பாள்.

'சொந்த வீடு' என்ற சொல்லும் இப்படித்தான். வீடு யார் பெயரில் இருக்கிறது, கடன் உண்டா, உடன்பிறந்தவர்களுக்குப் பங்கு உண்டா என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள். இவன் வீடு அப்பா பெயரில் இருக்கிறது. அப்படியே எழுதினோம்.

ஜாதகம் பார்க்கும் குடும்பமென்றால் பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் மருத்துவமனைக் குறிப்பிலோ அன்று எழுதிவைத்த குறிப்பிலோ சரிபாருங்கள். லக்னம் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும், நட்சத்திரம் ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒருமுறை மாறும். ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் நேரத்தில் பிறந்தவர்களுக்கு வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நட்சத்திரத்தையும் திருக்கணிதம் வேறொரு நட்சத்திரத்தையும் காட்டுவது உண்டு. ஜாதகம் எந்தப் பஞ்சாங்கப்படி கணித்தது என்று ஒரு சொல் எழுதிவிட்டால், 'நட்சத்திரத்தையே மாற்றிச் சொல்கிறார்கள்' என்ற வீண் சந்தேகம் வராது. செவ்வாய் தோஷத்தை மறைக்கப் பிறந்த நேரத்தை நகர்த்தும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பழைய பதிவு எங்காவது வெளிவரும்போது அது தோஷத்தைவிடப் பெரிய குறையாகிவிடுகிறது. பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி வேறாக இருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

குணச்சொல்லை எடுத்துவிட்டு நடந்ததை வையுங்கள்

பழைய தாளின் ஒவ்வொரு வாக்கியத்தையும் சத்தமாகப் படித்து, இது நம் உறவில் வேறொரு பையனுக்கும் பொருந்துமா என்று கேட்டோம். பொருந்தினால் அடித்துவிட்டோம். ஊரும் வேலையும் தவிர ஏதும் மிஞ்சவில்லை.

'பொறுப்பானவர்' என்பதை அடித்த இடத்தில், பாட்டியை இரவில் தானும் அப்பாவும் பார்த்துக்கொள்வதாக அவனே எழுதினான். 'எளிமையானவர்' போன இடத்துக்கு எதுவும் வரவில்லை. அந்தச் சொல்லுக்கு ஆதாரமாக ஒன்றைச் சொல் என்றால் அவனுக்கு எதுவும் தோன்றவில்லை. அப்படிப்பட்ட சொல்லை விட்டுவிடுவதுதான் சரி. 'கெட்ட பழக்கங்கள் இல்லை' என்ற வரியில் அவனே தயங்கினான். வருடத்தில் நான்கைந்து முறை நண்பர்களோடு குடிக்கிறான். என் தங்கைக்கு அது தெரியும், ஆனால் தாளில் வருவது பிடிக்கவில்லை. "எழுதினால் பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள், அக்கா" என்றாள். அந்தப் பாதிப் பேர் கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்துகொண்டால் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். அரை நாள் பேசாமல் இருந்துவிட்டு ஒத்துக்கொண்டாள்.

'எப்போதாவது' என்று எழுதினால், படிப்பவர் தன் பயத்துக்கு ஏற்ற அளவில் அதை நிரப்பிக்கொள்வார். எண்ணைப் போடுங்கள். உணவுக்கும் இதே கதைதான். வீட்டில் அசைவம் சமைப்பதில்லை, வெளியே சாப்பிடுவேன் என்றால் அப்படியே எழுதலாம்.

பெண்ணுக்கு எழுதும்போது முதலில் அடிக்க வேண்டியது நிறத்தைப் பற்றிய வரி. புகைப்படம் இருக்கிறது, அது போதும். 'வீட்டு வேலைகள் தெரிந்தவர்' என்பதும் யாரையும் காட்டாது. அதற்குப் பதில் அவளுடைய நாள் எப்படிப் போகிறது, எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்புகிறாள், சம்பளத்தில் தன் பெற்றோருக்கு எவ்வளவு கொடுக்கிறாள், கல்யாணத்துக்குப் பிறகும் கொடுப்பாளா என்பதை எழுதுங்கள். கடைசியில் சொன்னதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. பின்னால் பெரிய மனக்கசப்பு அதிலிருந்துதான் கிளம்புகிறது.

மூடிய அறை

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பழைய தாளைப் பார்த்து ஒரு குடும்பம் பேசி முடிக்கும் அளவுக்கு வந்தது. பத்துப் பொருத்தத்தில் எட்டு இருந்தது, பெண்ணும் பையனும் பேசிப் பிடித்துப்போயிருந்தது. பெண் வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். தாளில் 'அளவான குடும்பம்' என்றுதான் இருந்தது, பாட்டியைப் பற்றி இல்லை. பாட்டிக்கு 84 வயது, இரண்டு வருடமாகப் படுக்கை. அன்று பின்னறைக் கதவைச் சாத்தி, கூடத்தில் டிவியைக் கொஞ்சம் சத்தமாக வைத்திருந்தார்கள். கேசரி கொடுத்துக் காப்பியும் கொடுத்தாயிற்று. அப்போது உள்ளேயிருந்து பாட்டி தண்ணீர் கேட்டுப் பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு முறை, பிறகு இன்னொரு முறை. பெண்ணின் அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "உள்ளே யார்?" என்றார். என் தங்கை எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். அந்த அம்மா உள்ளே போய்ப் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு நன்றாகத்தான் பேசினார்.

ஒரு வாரத்தில் தரகர் வந்து சரிப்படவில்லை என்றார். "பாட்டி இருப்பது ஒரு பொருட்டே இல்லை, ஆனால் ஒரு கதவைச் சாத்தி வைத்தவர்கள் வேறு எதையெல்லாம் சாத்தி வைத்திருக்கிறார்களோ" என்று அந்த அம்மா கேட்டாராம்.

ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு மூடிய அறை இருக்கும். படுக்கையில் இருக்கும் பெரியவர், கடன், கல்யாணமாகாத அக்கா, அப்பாவின் குடி, நின்றுபோன நிச்சயதார்த்தம், மாத்திரை சாப்பிடும் நோய். எதையும் மறைக்க வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் தாளில் கொட்ட வேண்டும் என்று பொருளில்லை. தாள் வாட்ஸ்அப்பில் முன்பின் தெரியாத நூறு பேருக்குப் போகும். எதை எந்தக் கட்டத்தில் சொல்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வந்து வாழப்போகும் வீட்டின் அன்றாடத்தை மாற்றுபவை தாளிலேயே இருக்க வேண்டும். யார் யார் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், யாருக்குப் பணிவிடை தேவை, அதை இப்போது யார் செய்கிறார்கள், கல்யாணத்துக்குப் பிறகு யார் செய்வார்கள் என்பதெல்லாம் அதில் வரும். முதல் திருமணம் நடந்திருந்தாலோ குழந்தை இருந்தாலோ அதுவும் தாளில்தான் வர வேண்டும், காரணம் வேண்டாம். 'விவாகரத்து ஆனவர்' என்று மொட்டையாக எழுதாமல் ஆணை கிடைத்துவிட்டதா, வழக்கு நடக்கிறதா என்று எழுதுங்கள். ஆணை வந்து மேல்முறையீட்டுக் காலமும் முடிந்த பிறகே மறுமணம் செல்லும் என்பதால் இரண்டும் வெவ்வேறு நிலை.

நின்றுபோன நிச்சயதார்த்தத்தையும் குடும்பத் தகராறுகளையும் ஜாதகம் பொருந்தியபின் பெரியவர்கள் பேசும் முதல் தொலைபேசியில் சொல்லலாம். உடல்நலம் சம்பந்தப்பட்டதைச் சம்பந்தப்பட்ட இருவரும் நேரில் பார்க்கும் முன், மகனோ மகளோ தானே மற்றவரிடம் சொல்வது முறை. வலிப்புக்கோ மனநலத்துக்கோ மருந்து எடுப்பது, இன்சுலின் போடுவது, குழந்தைப்பேறு பற்றி மருத்துவர் சொன்னது போன்றவை அந்த வகை. நிச்சயம் ஆனபிறகு சொல்வது சொல்லாததற்குச் சமம். இந்து திருமணச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, மற்றவரைப் பற்றிய முக்கியமான உண்மையை மறைத்து ஏமாற்றிச் சம்மதம் பெற்றிருந்தால் அந்தத் திருமணத்தை ரத்துசெய்யக் கோரலாம். ஏமாற்றியது தெரியவந்த ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். வழக்கே வராவிட்டாலும், மறைத்ததை அந்த வீட்டில் யாரும் மறப்பதில்லை.

எதிர்பார்ப்பு: மூன்று வரி போதும்

'நல்ல குடும்பத்துப் படித்த பெண் தேவை' என்று எழுதினால் யாரும் தன்னை அதில் இல்லை என்று நினைக்க மாட்டார்கள். இந்தப் பகுதியின் வேலையே பொருந்தாதவர் தானே விலகிக்கொள்ள உதவுவது. வளைக்க முடியாதது இரண்டு, வளைக்கக்கூடிய விருப்பம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'விருப்பம் இருந்தால் வேலைக்குப் போகலாம்' என்ற வரியை நிறையத் தாள்களில் பார்க்கலாம். படிக்கிற பெண்ணுக்கு அது அனுமதி கொடுப்பதுபோல் இருக்கும், கூடவே மாமியாருக்கு விருப்பமில்லை என்ற சந்தேகமும் வரும். உங்கள் வீட்டில் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு அதை எழுதுங்கள். 'சாதி தடையில்லை' என்று மகன் எழுதும் முன், பெற்றோர் வாயால் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்கள் மனம் ஒப்பாதபோது அந்த வரியை நம்பி இன்னொரு வீட்டார் வந்து அவமானப்பட்டுத் திரும்புவது கொடுமை.

வரதட்சணை பற்றி 'உங்கள் விருப்பம்' என்று எழுதினால், பெண் வீட்டார் அதைக் கேட்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். கேட்கப்போவதில்லை என்றால் 'நகை, ரொக்கம், வண்டி எதுவும் கேட்கவில்லை' என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பெண் வீட்டார், கல்யாணத்துக்கு ஈடாகப் பணமோ சொத்தில் பங்கோ தருவதாக விளம்பரத்தில் எழுதவே கூடாது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்தில் 4ஏ பிரிவு அதைக் குற்றம் என்கிறது.

கடைசியில் வந்த தாள்

மேலே பெயர், தேதி, நட்சத்திரம், படிப்பு, உயரம் ஆறு வரிகளில். அதற்குக் கீழே அவன் சொற்களில்:

"கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 8 வருடமாக இருக்கிறேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் இரவு ஷிப்ட். கைக்கு வருவது 56,000. அதில் 17,400 மாடி கட்டிய கடனுக்குப் போகிறது. வீடு அப்பா பெயரில் இருக்கிறது. அப்பா, அம்மா, பாட்டியோடு சிங்காநல்லூரில் இருக்கிறேன். பாட்டிக்கு 84 வயது, இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா வருகிறார். இரவில் அப்பாவும் நானும் பார்க்கிறோம், இனியும் நாங்கள்தான் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கிச் சுத்தம் செய்து குழம்பு வைப்பது நான். மற்ற நாட்களில் அம்மா சமைக்கிறார், இரவுப் பாத்திரம் நான் கழுவுகிறேன். வருடத்தில் நான்கைந்து முறை நண்பர்களோடு மது அருந்துவேன். புகைப்பதில்லை. கோபம் வந்தால் கத்தமாட்டேன், ஒரு நாள் பேசாமல் இருப்பேன். அது வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல்.

திருமணத்துக்குப் பிறகு இதே வீட்டில், மாடியில் தனிச் சமையலறையோடு இருக்கலாம். ஊர் மாற முடியாது. வேலைக்குப் போகிறவராக இருந்தால் மகிழ்ச்சி. நகை, ரொக்கம், வண்டி எதுவும் கேட்கவில்லை."

நிறுவனத்தின் பெயர், கதவு எண், ஆதார் எதுவும் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். பேச்சு முன்னேறியபின் அவற்றைக் கொடுத்து விசாரிக்கச் சொல்லலாம். தொலைபேசி எண் வீட்டுப் பெரியவர் ஒருவருடையது போதும்.

புகைப்படம் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும். முகம் தெரிய ஒன்று, முழு உருவம் ஒன்று, இரண்டும் பகல் வெளிச்சத்தில். கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடு. ஸ்டுடியோவில் நிறத்தை வெளுக்க வைக்க விடாதீர்கள்.

அனுப்பும் முன் அவனோடு வேலை செய்யும் நண்பனிடம் படிக்கக் கொடுத்தோம். உறவினர் முகத்துக்காக நன்றாக இருக்கிறது என்பார்கள், நண்பன் சொல்லமாட்டான். "பேசாமல் இருப்பது ஒரு நாள் இல்லை, இரண்டு நாள்" என்றான் அவன். திருத்தினோம்.

பழைய தாளுக்கு மாதத்துக்கு இருபது அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. புதியதற்கு முதல் மாதத்தில் நான்குதான் வந்தன. என் தங்கை கவலைப்பட்டாள். ஆனால் அந்த நான்கு வீட்டாரும் பாட்டியைப் பற்றியும் ஷிப்ட் பற்றியும் தாங்களே கேட்டார்கள். ஒரு பெண் தன் அம்மாவிடமிருந்து போனை வாங்கி, இரவு ஷிப்ட் வாரத்தில் பாட்டியை யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள். எங்கள் தாளில் அதற்குப் பதில் இல்லை. அந்த வாரம் அப்பா தனியாகப் பார்க்கிறார், சனிக்கிழமை அத்தை வருவார் என்ற வரியை அன்றிரவே சேர்த்தோம். தாளின் அடியில் தேதியை மாற்றி, முன்பு வாங்கியிருந்த மற்ற மூன்று வீடுகளுக்கும் புதியதை அனுப்பினான்.